பையில் அச்சிட்ட சாமி படமும் பொட்டலத்தில் அச்சிட்ட பிஸ்மில்லாவும்

(பண்டிகைக் கால வியாபாரத்துக்கு முன்பாக, தா.பழூர் பகுதி வியாபாரக் குடும்பங்களுக்காக நமது அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில், அச்சுத் தொழிலில் நீண்ட காலமாக இருக்கும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை.)



பெரியவர்களே, சகோதரர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. நோட்டீஸ், பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, துணிப்பை அடித்துக் கொடுப்பது என் தொழில். ஆகவே நான் செய்த ஒரு தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் நம்மவர் ஒருவரின் ஜவுளிக்கடைக்குத் தீபாவளிக்கான கைப்பைகள் அடித்துக் கொடுத்தேன். கடை எது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடைப் பெயர், மறுபக்கம் தாமரையில் அமர்ந்த லட்சுமி. படம் வைக்கச் சொன்னது நான்தான். "இந்து ஜனங்கள் வாங்குற பண்டிகை, சாமி படம் போட்டா சந்தோஷப்படுவாங்க" என்றேன். கடைக்காரர் தயங்கினார். மார்க்க ரீதியாக அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. நான்தான் சமாதானம் சொல்லி அடித்துக் கொடுத்தேன்.

தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். அந்தக் கடையின் பழைய வாடிக்கையாளரான ஒரு ஆயா, கொள்ளிடக் கரைப் பக்கத்து ஊர்க்காரர், கழுவிக் காயவைத்து மடித்த மூன்று பைகளோடு கடைக்கு வந்தார். "பாய், இது பஸ் ஸ்டாண்டு சாக்கடையில கிடந்துச்சு. சாமிய அப்படியே விட்டுட்டு வர மனசு வரல. வீட்டுல வச்சா எத்தனைதான் வைக்கிறது? நீங்களே வச்சுக்கங்க" என்று மேசை மேல் வைத்தார். அதில் கோபம் ஒன்றும் இல்லை. அன்றைக்கும் பேத்திக்குப் பாவாடைத் துணி எடுத்தார். ஆனால் கடைப் பையை வாங்கிக்கொள்ளவில்லை, தன் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அந்தப் படத்தை நாங்கள் மரியாதைக்காகத்தான் போட்டோம். அது அவமரியாதையில் போய் முடிந்தது. ஏன் என்று யோசித்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. விளம்பரத்தைச் செய்கிற நாங்கள், அது கடையில் எப்படித் தெரியும் என்று மட்டும் பார்க்கிறோம். அது எங்கே போய்ச் சேரும் என்று பார்ப்பதில்லை. நோட்டீஸ் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் போகும், அதில் பஜ்ஜி மடித்துக் கொடுப்பார்கள். பை குப்பைக்குப் போகும். பிளக்ஸைப் பண்டிகை முடிந்ததும் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகவோ நெல் காயவைக்கவோ எடுத்துப் போவார்கள், அதன் மேல் நடப்பார்கள். தூக்கிப் போடப்படும் ஒரு பொருளில், ஒருவர் கையெடுத்துக் கும்பிடுகிற உருவத்தை அச்சிட்டால், அவமதிப்பை நாமே தயார் செய்து கொடுத்தது போலத்தான்.

இந்த வலி நமக்குத் தெரியாததல்ல. ரமலான் வந்தால் பேரீச்சம்பழப் பொட்டலத்திலும் சேமியா கவரிலும் பிஸ்மில்லா, கஅபா படம், சில சமயம் முழு ஆயத்தே அச்சாகி வருகிறது. விற்பவர் பெரும்பாலும் நம்மை மதிக்க நினைத்துத்தான் போடுகிறார். நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? அந்தப் பகுதியை மட்டும் கத்தரித்து எடுத்து, மிதிபடாத இடத்தில் வைக்கிறார்கள். பிறகு பள்ளிவாசலில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்த ஆயா பையைக் கழுவி மடித்தபோது செய்ததும் அதுவேதான். பிறர் வணங்குபவற்றை ஏச வேண்டாம் என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் 108ஆம் வசனம் நமக்குச் சொல்கிறது. நாங்கள் ஏசவில்லைதான். ஆனால் சாக்கடைக்குப் போக வழி செய்தோம்.

அரபி எழுத்து விஷயத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. இதை அச்சுக்காரனாகச் சொல்கிறேன். அரபி வலமிருந்து இடமாக ஓடும், எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும். அரபிக்கான அமைப்பு இல்லாத பழைய பேஜ்மேக்கரிலோ, அதை இயக்காத போட்டோஷாப்பிலோ ஒட்டினால், எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, இடமிருந்து வலமாகத் திரும்பிவிடும். டிசைன் போடும் தம்பிக்கு அந்த எழுத்து தெரியாது, அது அவருக்கு அழகாகத்தான் இருக்கும். படிக்கத் தெரிந்தவருக்கோ அது அர்த்தமில்லாத குப்பை, சில இடங்களில் அர்த்தமே மாறிவிடும். பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். பிஸ்மில்லாவில் ஒவ்வொரு எழுத்தும் இடைவெளி விட்டுத் தனியாக நின்றால் அது தப்பு. இதற்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. வேறு மதத்து வியாபாரி உங்களிடம் வந்து, "பாய், ரம்ஜானுக்கு அரபியில ஏதாவது போடணும்" என்றால், "தமிழில் நோன்புப் பெருநாள் வாழ்த்துகள் என்று போடுங்க, அதுவே எங்களுக்குப் போதும்" என்று சொல்லிவிடுங்கள். அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

அடுத்தது, மனிதர்களைக் காட்டுகிற விதம். பெருநாள் விளம்பரத்தில் முஸ்லிம் என்றால் எப்போதும் ஒரு தாடி, ஒரு தொப்பி, கண்ணில் சுருமா, கையில் பிரியாணித் தட்டு. அரியலூர் மாவட்டத்தில் நம்மவர்கள் ஆசிரியர்களாக, லாரி ஓட்டுநர்களாக, சிமெண்ட் ஆலைத் தொழிலாளிகளாக, செவிலியர்களாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் அந்தப் படத்தில் வருவதில்லை. தொப்பியும் தாடியும் நமக்கு இழிவு என்று நான் சொல்லவில்லை. அவை நமக்குக் கண்ணியம். ஆனால் ஒரு ஆளைக் காட்டுவது வேறு, ஆளுக்குப் பதிலாக ஓர் அடையாளத்தை நிறுத்துவது வேறு. அந்தப் படத்தில் தொப்பியை எடுத்துவிட்டால் அந்த ஆளைப் பற்றிச் சொல்ல ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் மிச்சமில்லை என்றால் அங்கே மனிதர் இல்லை.

இதே தப்பை நாமும் செய்கிறோம். தீபாவளி என்றதும் இணையத்திலிருந்து ஒரு படம் எடுக்கிறோம். மடிசார் கட்டிய மாமி, பஞ்சகச்சம் கட்டிய ஐயர், பின்னால் ஊஞ்சல். நம் கடைக்கு வருவது யார்? நெல்லும் கரும்பும் போடுகிற கொள்ளிடக் கரைக் குடும்பங்கள், முந்திரிக்காட்டு ஊர்க்காரர்கள். அந்தப் படம் அவர்கள் வீடு அல்ல. அதே போல உணவுக்கடை வைத்திருக்கும் சிலர், தீபாவளி என்றால் சைவம் மட்டும்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறார்கள். நம் பக்கத்தில் பல வீடுகளில் தீபாவளி காலையில் கறி எடுப்பார்கள், சில வீடுகளில் கேதார கௌரி நோன்பு இருப்பார்கள். இந்து என்றால் இப்படித்தான் என்று நாம் ஒரே அச்சில் வார்த்தால், நம்மை அப்படி வார்ப்பவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இருக்காது.

வாழ்த்துச் சொல்லிலும் கவனம் வேண்டும். காலண்டரில் சிவப்பு எழுத்தைப் பார்த்தவுடனே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கடைப் பெயரோடு வாழ்த்துப் போடுகிறோம். "இனிய புனித வெள்ளி வாழ்த்துகள்" என்று நம் கடை ஒன்றின் ஸ்டேட்டஸை நானே பார்த்திருக்கிறேன். ஏலாக்குறிச்சி மாதா கோயில் பக்கம் போய் அதைக் காட்டினால் சங்கடப்படுவார்கள். ஏனென்றால் கிறிஸ்தவர்களுக்கு அது இயேசு சிலுவையில் இறந்ததை நினைத்துத் துக்கம் கொள்ளும் நாள். மகிழ்ச்சி வாழ்த்து, மூன்றாம் நாள் வரும் ஈஸ்டர் ஞாயிறுக்கு உரியது. நமக்கும் இப்படி நடக்கிறது. மொகரம் விடுமுறைக்குப் பட்டாசுப் படத்தோடு "மொகரம் கொண்டாட்ட விற்பனை" என்று விளம்பரம் வருகிறது. விடுமுறை விடுவது ஆஷுரா நாளுக்கு. நம்மில் பலர் அன்று நோன்பிருப்போம், ஷியா மக்களுக்கோ அது கர்பலாவின் துயர நாள். ஆகவே எந்த நாளுக்கும் வாழ்த்துப் போடும் முன், அந்த மதத்துக்காரர் ஒருவரிடம் "இது சந்தோஷ நாளா, துக்க நாளா, விரத நாளா?" என்று கேளுங்கள். பதில் தெரியும்வரை ஒன்றும் போடாமல் இருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

இனிமேல் கொஞ்சம் பெரிய விஷயம். 2020 அக்டோபரில் நடந்த தனிஷ்க் நகை விளம்பரச் சர்ச்சை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தனிஷ்க், டைட்டன் நிறுவனத்துடையது. டைட்டன், டாடாவும் நம் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது, ஓசூரில் ஆலை உள்ளது. அந்த விளம்பரம் ஒரு நிமிஷம்கூட ஓடாது. ஒரு முஸ்லிம் குடும்பம், வீட்டுக்கு வந்த இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துகிறது. இந்தச் சடங்கு உங்கள் வீட்டில் கிடையாதே என்று மருமகள் கேட்கிறாள். பெண் பிள்ளையைச் சந்தோஷமாக வைத்துக்கொள்வது எல்லா வீட்டிலும் உண்டுதானே என்ற பொருளில் மாமியார் பதில் சொல்கிறார். அவ்வளவுதான்.

அதற்குச் சமூக வலைத்தளங்களில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. இந்துப் பெண் முஸ்லிம் வீட்டுக்கு மருமகளாகப் போவதைக் காட்டியதே குற்றம் என்றார்கள், புறக்கணிக்கச் சொன்னார்கள். அக்டோபர் 13 அன்று நிறுவனம் விளம்பரத்தை விலக்கிக்கொண்டது. மனங்கள் புண்பட்டதையும், ஊழியர்கள், கூட்டாளிகள், கடைப் பணியாளர்களின் நலனையும் காரணமாகச் சொன்னது. குஜராத்தின் காந்திதாமில் இருந்த தனிஷ்க் கடையில் மன்னிப்புக் கடிதம் எழுதி ஒட்டும் நிலை வந்தது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. விளம்பரத் துறை தனக்குத்தானே ஏற்படுத்திக்கொண்ட அமைப்பு ஒன்று மும்பையில் இருக்கிறது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு என்று சொல்லலாம், சுருக்கமாக ஆஸ்கி என்பார்கள். 1985இல் தொடங்கியது. மதம், சாதி, நிறம் முதலியவற்றை வைத்து யாரையும் இழிவுபடுத்தும் விளம்பரம் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. தனிஷ்க் விளம்பரம் மீதும் அங்கே புகார் போனது. அதில் ஆபாசமோ அருவருப்போ பரவலாக மனம் புண்படுத்துவதோ எதுவும் இல்லை என்று குழு ஒருமனதாக முடிவு செய்து, புகாரை ஏற்கவில்லை.

இதிலிருந்து ஒரு வியாபாரி எதை எடுத்துக்கொள்வது? புண்படுத்துவது ஒன்று, ஒருவர் கோபப்படுவது இன்னொன்று. இரண்டும் எப்போதும் ஒன்றல்ல. அந்த ஆயாவின் மனக்குறை நியாயமானது, ஏனென்றால் அவர் புனிதமாக நினைப்பது எங்கள் கையால் சாக்கடைக்குப் போனது. தனிஷ்க் விளம்பரத்தில் யாருடைய வழிபாடும் கேலி செய்யப்படவில்லை, ஒரு குடும்பம் இன்னொரு வழக்கத்தை மதித்தது. அங்கே கோபம், இரண்டு மதத்தாரும் ஒரே வீட்டில் இருப்பதைப் பார்த்ததால் வந்தது. ஆகவே உங்கள் விளம்பரத்துக்கு எதிர்ப்பு வந்தால் முதலில் கேளுங்கள்: எதை இழிவு செய்துவிட்டோம் என்கிறார்கள்? ஒரு பொருள், ஒரு சொல், ஒரு உருவம் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் உடனே எடுத்துவிட்டு, வருத்தம் தெரிவியுங்கள். வாதாட வேண்டாம். அப்படிக் காட்ட முடியாமல் "நீ எப்படி எங்கள் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லலாம்" என்பதுதான் பிரச்சினை என்றால், அது உங்கள் தப்பு அல்ல. அப்போதும் கடையில் நிற்கும் பையன்களின் பாதுகாப்பு முக்கியம். பிளக்ஸை இறக்க வேண்டி வந்தால் இறக்குங்கள். ஆனால் செய்யாத தப்பைச் செய்ததாக எழுதிக் கொடுக்காதீர்கள். ஜமாஅத்திலும் ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லி, தேவைப்பட்டால் காவல் நிலையத்தில் தகவல் கொடுங்கள்.

உள்ளூர் கேபிளில் விளம்பரம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள், பார்ப்பவர்களின் மத உணர்வைப் புண்படுத்தும் விளம்பரத்தையும், ஓர் இனத்தை, சாதியை, மதத்தை எள்ளும் விளம்பரத்தையும் தடை செய்கின்றன. வேண்டுமென்றே தீய எண்ணத்தோடு மத உணர்வை அவமதித்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவில் குற்றம், மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தெரியாமல் நடந்த தவறுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் எடுத்துச் சொன்ன பிறகும் அதையே திரும்பப் போட்டால், தெரியாது என்று சொல்ல முடியாது.

இன்னொரு சம்பவமும் நம் தமிழ்நாட்டில் நடந்தது. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கு நேரம். சென்னை தியாகராய நகரில் ஒரு பேக்கரியின் வாட்ஸ்அப் விளம்பரத்தில், எங்களிடம் முஸ்லிம் பணியாளர்கள் இல்லை என்று போட்டிருந்தார்கள். முஸ்லிம்கள்தான் நோயைப் பரப்புகிறார்கள் என்ற வதந்தி ஓடிய நேரம் அது. போலீசார் வழக்குப் போட்டு உரிமையாளரைக் கைது செய்தார்கள். அன்று நமக்கு எப்படி வலித்தது என்பது ஞாபகம் இருக்கும்.

அந்த வலியை வைத்து நம் போர்டுகளையும் பார்ப்போம். "ஹலால் முறையில் அறுக்கப்பட்ட கறி" என்று எழுதுவது தகவல். வேண்டுபவர் வாங்குவார். "பாய் வீட்டுக் கறிதான் சுத்தம், மற்றதெல்லாம்..." என்று இழுத்தால் அது தகவல் அல்ல, பக்கத்துக் கடைக்காரரை இழிவு செய்வது. ஒரே கடைத்தெருவில் எதிரும் புதிருமாக நிற்கிறோம். நம் சரக்கைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். யார் செய்தார்கள், யார் தொட்டார்கள் என்று ஆளைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

இப்போது ஒரு நோட்டீஸை எடுத்து நேராகவே திருத்திப் பார்ப்போம். போன வருஷம் என் அச்சகத்துக்கு வந்த கைப்பிரதி இது, நம்மவர் கடைதான். மேலே லட்சுமி படம். அதற்குக் கீழே "விலைவாசி நரகாசுரனை வதம் செய்ய வாரீர்!" என்ற தலைப்பு. அடுத்து "இந்துப் பெருமக்களுக்கு மட்டும் சிறப்புத் தள்ளுபடி". கடைசியில் ஜட்டி, பனியன், உள்பாவாடை விலைப்பட்டியல்.

நான் கடைக்காரரை உட்காரவைத்துப் பேசினேன். முதலில் சாமி படத்தை எடுத்தோம். அந்த ஆயா கதையைச் சொன்னேன், தவிர உள்ளாடை விலைக்கு மேலே சாமி நிற்பதை அவரே கவனித்திருக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு அகல்விளக்கு வைத்தோம். அடுத்து நரகாசுரன். "சினிமாவிலயே பேசுறாங்களே" என்றார். ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டைப் பற்றிக் கேலியாகப் பேசினால் எல்லோரும் சிரிப்பார்கள், அதையே அடுத்த வீட்டுக்காரர் பேசினால் கேலி செய்வதாகப்படும். அவர்களுடைய புராணத்தை வைத்து நாம் வேடிக்கை செய்ய வேண்டாம் என்றேன். மூன்றாவது "இந்துக்களுக்கு மட்டும்". நம் வீட்டுப் பிள்ளைகளும் கிறிஸ்தவக் குடும்பங்களும் தள்ளுபடி நேரத்தில்தான் துணி எடுக்கிறார்கள். கல்லாவில் மதம் கேட்டா தள்ளுபடி கொடுப்பது? தேதியை வைத்துத் தள்ளுபடி கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது.

கடைசியில் வந்த நோட்டீஸ் இது: "தீபாவளிக்குப் புத்தாடை எடுத்தாச்சா? ஐப்பசி முதல் தேதியிலிருந்து தீபாவளி வரை வாங்கும் எல்லோருக்கும் 10 சதவீதம் தள்ளுபடி. குடும்பத்தோடு வாங்க. அளவு சரியில்லை என்றால் பண்டிகை முடிந்தும் ஒரு வாரம் வரை மாற்றிக்கொள்ளலாம். அனைவருக்கும் தீபத் திருநாள் வாழ்த்துகள்." சுவாரசியம் குறைந்துவிட்டது என்று அவர் சொன்னார். ஆனால் ஜனங்கள் கடையில் கேட்டது, அந்த மாற்றிக்கொள்ளும் விஷயத்தைத்தான்.

அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். எந்தப் பண்டிகையோ அந்த மதத்தைச் சேர்ந்த இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள், அதில் ஒருவராவது வயதான பெண்ணாக இருக்கட்டும். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். யாரும் நல்லா இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். "இந்தப் பையைப் பிறகு என்ன செய்வீங்க? இதில இருக்கிறவங்க உங்க வீட்டு ஆளுங்க மாதிரி இருக்காங்களா?" என்று கேளுங்கள். உண்மை வந்துவிடும். உங்கள் கடையில் வேலை பார்க்கும் பெண்பிள்ளைகளிடம் முதலாளியே கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் தனியாகக் கேட்கட்டும். இதற்கு இரண்டு நாள் போதும். எல்லோரும் பண்டிகைக்கு முந்தின வாரம் ராத்திரி பத்து மணிக்கு வந்து, காலையில் வேண்டும் என்கிறீர்கள். அப்போது யாரிடமும் காட்ட நேரம் இருக்காது. தப்புகள் பெரும்பாலும் அந்த ராத்திரியில்தான் நடக்கின்றன. என்னுடையதும் அப்படித்தான் நடந்தது.

பெரிய நிறுவனத்தின் விளம்பரம் நம்மை இழிவு செய்வதாகப் பட்டால், அதைப் பத்துப் பேருக்கு அனுப்பி அவர்களுக்கே விளம்பரம் செய்து கொடுக்காதீர்கள். படத்தையோ வீடியோவையோ, பார்த்த நாளையும் இடத்தையும் குறித்து வைத்து, ascionline.in என்ற தளத்தில் ஆஸ்கிக்குப் புகார் கொடுக்கலாம். உள்ளூர் கடை என்றால் அதுகூட வேண்டாம். இரண்டு பேர் நேரில் போய், சலாமத்தாகப் பேசினாலே போதும். அந்த ஆயா அப்படித்தான் பேசினார். சத்தம் போடவில்லை, யாரையும் கூட்டவில்லை. மூன்று பைகளை மடித்து மேசை மேல் வைத்தார். அந்தக் கடைக்காரர் அதற்குப் பிறகு எந்தப் பண்டிகைக்கும் பையில் படம் போடுவதில்லை. கடைப் பெயரும் போன் நம்பரும் மட்டும்தான். அந்த ஆயா இப்போது அந்தப் பையைத்தான் சந்தைக்கு எடுத்துப் போகிறார்.